மொத்தம் பொருந்துகிறது, ஃபில்டர் போட்டால் பொருந்தவில்லை: டாஷ்போர்டு எண்களை மூலத் தரவோடு ஒப்பிடுவது எப்படி

ஒரு டாஷ்போர்டைச் சோதிக்கிறவர் பெரும்பாலும் முதலில் செய்வது, திரையின் மேலே பெரிய எழுத்தில் தெரியும் மொத்தத்தை மூலத் தரவுத்தளத்தின் மொத்தத்தோடு ஒப்பிடுவதுதான். இரண்டும் ஒன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் அந்தப் பொருத்தம் மிகக் குறைவாகவே நிரூபிக்கிறது. எந்த ஃபில்டரும் இல்லாத நிலையில் டாஷ்போர்டு ஓட்டும் வினவல் மிக எளிமையானது. ஒரு ஃபில்டரைத் தொட்டவுடன் அது வேறொரு வினவலாகிவிடுகிறது. புதிய நிபந்தனை ஒன்று சேர்கிறது, சில நேரம் இன்னொரு அட்டவணையே உள்ளே வருகிறது. பிழைகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கின்றன. பயன்படுத்துகிறவர்களும் மொத்தத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் ஃபில்டர் போட்ட எண்களைத்தான் பார்க்கிறார்கள்.

இதை ஓர் எடுத்துக்காட்டின் வழியாகப் பார்ப்போம். ஆர்டர்களைக் காட்டும் ஒரு டாஷ்போர்டு. மேலே நான்கு எண் அட்டைகள்: ஆர்டர்களின் எண்ணிக்கை, மொத்தத் தொகை, வாடிக்கையாளர் எண்ணிக்கை, ஓர் ஆர்டரின் சராசரித் தொகை. கீழே மண்டலவாரியான பட்டை விளக்கப்படமும் நாள்வாரியான கோட்டு விளக்கப்படமும் இருக்கின்றன. மாதம், தேதி வரம்பு, மண்டலம், பொருள் வகை, விற்பனை வழி என ஐந்து ஃபில்டர்கள். மூலத்தில் இரண்டு அட்டவணைகள் முக்கியமானவை: ஓர் ஆர்டருக்கு ஒரு வரிசை உள்ள `orders`, அந்த ஆர்டரில் வாங்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை உள்ள `order_items`. 2024 மார்ச் மாதத்தை எடுத்துக்கொள்வோம்.

ஒப்பிடத் தொடங்கும் முன் மூன்று விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். முதலாவது வரையறை. ரத்து செய்யப்பட்ட ஆர்டர் எண்ணிக்கையில் சேருமா, தொகையில் டெலிவரிக் கட்டணம் உண்டா, மாதம் என்பது ஆர்டர் போட்ட நாளைக் குறிக்கிறதா, அனுப்பிய நாளைக் குறிக்கிறதா என்பவற்றை டாஷ்போர்டின் உரிமையாளரிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். டாஷ்போர்டைப் பார்த்து நாமே ஊகித்துக்கொண்டால், அதன் பிழையையே விடையாக எடுத்துக்கொள்ள நேரும். இரண்டாவது நேரம். டாஷ்போர்டு பெரும்பாலும் சில மணி நேரத்துக்கு முன் எடுத்த தரவுப் பிரதியைக் காட்டும். மூலமோ ஒவ்வொரு நிமிடமும் மாறிக்கொண்டிருக்கும். முடிந்துபோன மாதத்தை எடுத்தால் போதும் என்று நினைக்கலாம். ஆனால் மார்ச் ஆர்டர் ஒன்று ஏப்ரலில் ரத்தானால் மார்ச்சின் எண்ணும் மாறும். ஆகவே டாஷ்போர்டு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட கணத்தில் மூல அட்டவணைகளின் நகலை எடுத்து, அதன்மீதே சோதனை நடத்துவது நல்லது.

மூன்றாவதை நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒப்பிடும் வினவலைச் சோதிப்பவர் தாமே, மூல அட்டவணைகளின்மீது, வரையறையை மட்டும் வைத்து எழுத வேண்டும். டாஷ்போர்டு பயன்படுத்தும் அதே இடைநிலை வியூவிலிருந்து எண்ணை எடுத்து ஒப்பிடுகிறவர்களை நிறையப் பார்க்க முடிகிறது. அந்த வியூவில் 200 ஆர்டர்கள் விடுபட்டிருந்தால் இரு பக்கமும் அதே 200 விடுபடும், எண்கள் அழகாகப் பொருந்தும். அந்த ஒப்பீடு, வியூவில் உள்ளதைத் திரை சரியாக வரைகிறது என்பதை மட்டுமே சொல்லும்.

நம் எடுத்துக்காட்டில், மார்ச் மாதத்தைத் தேர்ந்தெடுத்து வேறு எதையும் தொடாமல் பார்த்தால் 12,480 ஆர்டர்கள், தொகை 62,40,000, சராசரி 500 என்று வருகிறது. நாமே எழுதிய வினவலும் அதையே தருகிறது. இனி ஒவ்வொரு ஃபில்டராகத் தொடுவோம்.

பொருள் வகையில் ‘புத்தகம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கிறோம். ஆர்டர்கள் 3,780, தொகை 18,90,000, சராசரி 500 என்று அட்டைகள் மாறுகின்றன. பார்வைக்கு எதுவும் உறுத்தவில்லை. மொத்தத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது, சராசரியும் வழக்கமான அளவில் இருக்கிறது. ஆனால் மூலத்தில் மார்ச் மாதத்தில் புத்தகம் இடம்பெற்ற ஆர்டர்களை எண்ணினால் 2,835 மட்டுமே வருகின்றன. டாஷ்போர்டு ஓட்டிய வினவலை அதன் பதிவேட்டிலிருந்து எடுத்துப் பார்த்தால் காரணம் தெரிகிறது. பொருள் வகை தேர்ந்தெடுக்கப்படும்போது மட்டும் இரண்டாம் அட்டவணையைச் சேர்க்கும்படி அது எழுதப்பட்டிருக்கிறது:

```sql
SELECT COUNT(*), SUM(o.amount)
FROM orders o
JOIN order_items i ON i.order_id = o.order_id
WHERE i.category = 'BOOK'
  AND o.order_month = '2024-03';
```

இதை ஒரே ஓர் ஆர்டரில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஒருவர் 250க்கு ஒரு புத்தகம், 150க்கு இன்னொரு புத்தகம், 500க்கு ஒரு விளக்கு வாங்குகிறார். கட்டணமோ தள்ளுபடியோ இல்லை. ஆர்டரின் தொகை 900. இரண்டு அட்டவணைகளையும் ஜாயின் செய்யும்போது இந்த ஆர்டர் மூன்று வரிசைகளாகப் பெருகுகிறது, ஒவ்வொரு வரிசையும் 900 என்ற முழுத் தொகையைச் சுமந்துகொண்டிருக்கிறது. புத்தகம் என்று வடிகட்டினால் இரண்டு வரிசைகள் மிஞ்சும். ஆர்டர் எண்ணிக்கை 2, தொகை 1,800 என்று கூட்டப்படுகிறது. உண்மையில் இருந்தது ஓர் ஆர்டர். அதில் புத்தகத்துக்கான தொகை 400.

சராசரி ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தொகுதியும் பகுதியும் ஒரே காரணத்தால் ஒரே திசையில் பெருகின, ஆகவே வகுத்த விடை இயல்பாகத் தெரிந்தது. சராசரியும் விழுக்காடும் இப்படிப் பிழையை மூடிவிடும் தன்மை கொண்டவை. அவற்றைச் சோதிக்கும்போது வகுபடும் எண்ணையும் வகுக்கும் எண்ணையும் தனித்தனியே சரிபார்க்காமல் நகரக் கூடாது.

இந்தப் பெருக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கமான வழி உண்டு. அதே ஜாயினில் `COUNT(*)` எவ்வளவு, `COUNT(DISTINCT o.order_id)` எவ்வளவு என்று அருகருகே பார்த்தால் போதும். 3,780க்கு எதிராக 2,835 என்று வந்தால், ஆர்டர் மட்டத்தில் உள்ள எந்தத் தொகையையும் அந்த ஜாயினின்மீது நேரடியாகக் கூட்ட முடியாது.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை. மேம்பாட்டாளர் பெருகிய வரிசைகளை நீக்கி, ஒவ்வொரு ஆர்டரையும் ஒரு முறை மட்டும் எண்ணும்படி திருத்துகிறார். இப்போது 2,835 ஆர்டர்கள், தொகை 13,60,800, சராசரி 480. எண்ணிக்கை மூலத்தோடு பொருந்துகிறது. தொகை சரியா? நம் மாதிரி ஆர்டரில் இந்தத் திருத்தம் தருவது 900. அது புத்தகம் இடம்பெற்ற ஆர்டரின் முழுத் தொகை, விளக்கும் அதற்குள்ளே இருக்கிறது. புத்தகத்தின் விற்பனை வேண்டுமென்றால் இரண்டாம் அட்டவணையின் வரிசைத் தொகையைக் கூட்ட வேண்டும்:

```sql
SELECT SUM(i.line_amount)
FROM order_items i
JOIN orders o ON o.order_id = i.order_id
WHERE i.category = 'BOOK'
  AND o.order_month = '2024-03';
```

இது தருவது 7,56,000. ஆக, ஒரே அட்டைக்கு 18,90,000, 13,60,800, 7,56,000 என்று மூன்று எண்கள் கையில் இருக்கின்றன. முதலாவது எந்த வரையறைப்படியும் தவறு. மற்ற இரண்டும் தத்தம் கேள்விக்குச் சரியான விடைகள். அட்டையின் தலைப்பு எந்தக் கேள்வியைக் கேட்கிறது என்பதைத்தான் உரிமையாளர் சொல்ல வேண்டும். சோதிப்பவர் ஒன்றைத் தாமாகவே தேர்ந்தெடுத்துச் ‘சரி’ என்று குறித்துவிடக் கூடாத இடம் இது. வரையறையைக் கேட்டு எழுதி வைக்காதவர் இங்கே வந்துதான் மாட்டிக்கொள்வார்.

அடுத்து மண்டலம். ஐந்து பட்டைகளின் எண்களையும் கூட்டினால் 12,325 வருகிறது. மேலே உள்ள அட்டை 12,480 என்கிறது. வேறுபாடு 155. இந்த மாதிரி, பகுதிகளின் கூட்டல் மொத்தத்தைவிடக் குறைவாக இருந்தால், எந்தப் பகுதிக்கும் சேராத வரிசைகள் எங்கேயோ இருக்கின்றன என்று பொருள். `WHERE region IS NULL` என்று மூலத்தில் கேட்டால் சரியாக 155 கிடைக்கிறது. மண்டலம் நிரப்பப்படாத ஆர்டர்கள் அவை. விளக்கப்படம் அவற்றை வரையவே இல்லை.

இதன் விளைவு ஃபில்டரில் இன்னும் விந்தையாகத் தெரியும். ‘அனைத்தும்’ என்ற நிலையில் எந்த நிபந்தனையும் இல்லை, 12,480 வருகிறது. பயன்படுத்துகிறவர் ஐந்து பெட்டிகளையும் ஒவ்வொன்றாக டிக் செய்தால் `region IN (...)` என்ற நிபந்தனை சேர்கிறது, 12,325 வருகிறது. அவர் பார்வையில் இரண்டும் ஒரே தேர்வுதான். வடக்கு மண்டலத்தை மட்டும் விலக்கினாலும் இதே கதை. வடக்கில் 3,480 ஆர்டர்கள் இருந்தால், விலக்கிய பின் 9,000 மிஞ்ச வேண்டும். திரையில் 8,845 தெரியும். எஸ்.க்யூ.எல். மொழியில் வெற்று மதிப்பை எதனோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் ஆகாது, பொய்யும் ஆகாது. ‘தெரியாது’ என்ற மூன்றாம் நிலை ஆகிறது. `WHERE` உண்மையானவற்றை மட்டுமே உள்ளே விடுகிறது. எனவே `region <> 'NORTH'` என்ற நிபந்தனை வடக்கையும் தள்ளும், வெற்று மண்டலத்தையும் சேர்த்துத் தள்ளும்.

இதிலிருந்து, மண்டலத்தைப் போல ஓர் ஆர்டருக்கு ஒரே மதிப்பு உள்ள எந்த ஃபில்டருக்கும் பொருந்தும் ஒரு சோதனை கிடைக்கிறது. ஒரு மதிப்பைத் தேர்ந்தெடுத்தபோது வரும் ஆர்டர் எண்ணிக்கையையும், அதே மதிப்பை விலக்கியபோது வரும் எண்ணிக்கையையும் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். இதற்கு மூலத் தரவுகூடத் தேவையில்லை, திரை மட்டும் போதும்.

தேதிக்கு வருவோம். மாதத்தைத் தேர்ந்தெடுத்தபோது பொருந்திய எண், தேதி வரம்பில் மார்ச் 1 முதல் 31 வரை என்று கொடுத்தால் 12,068 ஆகிறது. 412 ஆர்டர்கள் குறைகின்றன. 12,480ஐ 31ஆல் வகுத்தால் ஏறத்தாழ 403. வேறுபாடு ஒரு நாளின் அளவுக்கு அருகில் இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கடைசி நாளைத்தான். வினவலில் இப்படி இருக்கும்:

```sql
WHERE created_at BETWEEN '2024-03-01' AND '2024-03-31'
```

நேரமும் சேர்ந்த நெடுவரிசையில் இரண்டாம் எல்லை மார்ச் 31 நள்ளிரவு 00:00:00 என்றே பொருள்படும். அன்று பகல் முழுவதும் வந்த ஆர்டர்கள் வெளியே நின்றுவிடும். `created_at >= '2024-03-01' AND created_at < '2024-04-01'` என்று எழுதுவதே பாதுகாப்பானது. இந்தப் பிழையை மூலத்தைத் தொடாமலே பிடிக்க, தொடக்கமும் முடிவும் ஒரே நாளாக இருக்கும்படி தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எண் பூச்சியமாகவோ மிகச் சிறியதாகவோ வந்தால் எல்லை தவறு. ஒரு மாதத்தை மட்டுமே சோதித்தால் 412 ஆர்டர்கள் கூட்டத்தில் கரைந்துபோகும். ஒரு நாளைச் சோதித்தால் எதுவும் மிஞ்சாது. சிறிய துண்டில் பிழை பெரிதாகத் தெரியும் என்பதால்தான், சோதனைக்குக் குறுகிய தேர்வுகளை நான் விரும்புகிறேன்.

நேர மண்டலப் பிழையின் முகம் வேறு. மூலத்தில் நேரம் யூ.டி.சி.யில் பதிவாகியிருக்கிறது, பயன்படுத்துகிறவர்களின் உள்ளூர் நேரம் அதைவிட 8 மணி முன்னே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 31 இரவு 20:00 என்று பதிவான ஆர்டர், உள்ளூரில் ஏப்ரல் 1 அதிகாலை 04:00. டாஷ்போர்டு மாற்றம் செய்யாமல் விட்டால் ஒவ்வொரு நாளும் அடுத்த நாளிடமிருந்து கொஞ்சம் கடன் வாங்கி, முந்தைய நாளுக்குக் கொஞ்சம் கொடுக்கும். நாள்வாரி ஒப்பீட்டில் ஒன்றில் கூடுதல், ஒன்றில் குறைவு என்று மாறிமாறி வரும். மாத மொத்தத்தில் அவை ஏறக்குறைய ஈடுகட்டிவிடும். மொத்தம் பொருந்துவதை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. இதை உறுதிசெய்ய, நள்ளிரவுக்குச் சற்று முன்னும் பின்னும் பதிவான இரண்டு மூன்று ஆர்டர்களின் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, அவை திரையில் எந்த நாளில் விழுகின்றன என்று பார்ப்பதே நேர்வழி.

பொருந்தாத எண் எல்லாம் பிழையல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் அட்டை 7,310 என்கிறது. வெற்று மண்டலத்துக்கும் பட்டை சேர்த்த பிறகு மண்டலவாரி வாடிக்கையாளர்களைக் கூட்டினால் 7,480 வருகிறது. இரண்டு மண்டலங்களிலிருந்து ஆர்டர் போட்டவர் இரண்டு பட்டைகளிலும் இருப்பார், மொத்தத்தில் ஒருவராகவே இருப்பார். தனித்த எண்ணிக்கைகளைக் கூட்டக் கூடாது. ஆனால் இதைக் காரணமாகச் சொல்லி 170 என்ற வேறுபாட்டைக் கடந்துபோகவும் கூடாது. ஒவ்வொரு வாடிக்கையாளரும் எத்தனை மண்டலங்களில் வருகிறார் என்று மூலத்தில் எண்ணி, அதிலிருந்து ஒன்றைக் கழித்துக் கூட்டினால் சரியாக 170 வர வேண்டும். 168 வந்தால் இன்னும் இரண்டு பேருக்கு விளக்கம் தேவை.

இனி, எத்தனை தேர்வுகளைச் சோதிப்பது? 12 மாதம், 5 மண்டலம், 6 வகை, 3 விற்பனை வழி என்றாலே 1,080 சேர்க்கைகள். திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்ப்பது நடக்காது. டாஷ்போர்டின் எண்களை எல்லா நெடுவரிசைகளோடும் கோப்பாக ஏற்றுமதி செய்து ஓர் அட்டவணையில் இட்டு, மூலத்தின்மீது அதே நெடுவரிசைகளில் `GROUP BY` செய்த விடையோடு `FULL OUTER JOIN` செய்தால், ஒரு பக்கம் மட்டும் இருக்கும் சேர்க்கைகளும் வேறுபடும் எண்களும் ஒரே ஓட்டத்தில் வெளிவரும். சாதாரண ஜாயின் இங்கே உதவாது. ஒரு பக்கத்தில் இல்லவே இல்லாத சேர்க்கையை அது காட்டாமலே விட்டுவிடும். சேர்க்கும் நெடுவரிசையில் வெற்று மதிப்பு இருந்தால், அவை ஒன்றோடொன்று சேராது என்பதால், இரு பக்கமும் அதை ‘அறியப்படாதது’ போன்ற ஒரு சொல்லாக முதலில் மாற்றிவிட வேண்டும்.

ஏற்றுமதிச் சோதனை தொடாத ஒன்று உண்டு: ஃபில்டர் உண்மையிலேயே எல்லா விளக்கப்படங்களையும் சென்றடைகிறதா என்பது. அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபில்டரையும் தனியே மாற்றி, எந்த அட்டை அசையாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அசையாமல் நிற்பது சில நேரம் வேண்டுமென்றே செய்தது, சில நேரம் தவறு. டேப்ளோ மென்பொருளில் `FIXED` என்று எழுதிய கணக்கு, சாதாரண ஃபில்டர்கள் செயல்படுவதற்கு முன்பே கணக்கிடப்பட்டுவிடும். அந்த ஃபில்டரைச் சூழல் ஃபில்டராக மாற்றினால்தான் எண் அசையும். இதை அறியாமல் எழுதப்பட்ட விழுக்காடு ஒன்றில், மேலே உள்ள எண் வடிகட்டப்பட்டதாகவும் கீழே உள்ள எண் வடிகட்டப்படாததாகவும் நின்றுவிடும். தரவே இல்லாத ஒரு சேர்க்கையையும் ஒரு முறை தேர்ந்தெடுத்துப் பாருங்கள். திரை பூச்சியம் காட்டலாம், வெறுமையாக இருக்கலாம். முந்தைய தேர்வின் எண் அப்படியே நிற்கக் கூடாது.

ஒப்பிடுவதற்கு எடுக்கும் எண் திரையில் சுருக்கிக் காட்டியதாக இருக்கக் கூடாது. அட்டையில் ‘62.4 லட்சம்’ என்று இருந்தால் அது 62,35,000க்கும் 62,45,000க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். சராசரி 500 என்றால், ஏறத்தாழ பத்து ஆர்டர்கள் விடுபட்டாலும் அதற்குள் ஒளிந்துகொள்ளும். எண்ணிக்கைகளில் சிறு விலகலுக்குக்கூட இடம் தரத் தேவையில்லை. தசமத் தொகைகளுக்கு மட்டும், வட்டமாக்கல் எந்தப் படியில் நடக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதற்குத் தக்க சிறு வேறுபாட்டை ஏற்கலாம்.

நம் டாஷ்போர்டில், பொருள் வகையைத் தேர்ந்தெடுத்தால் அந்த வகையின் விற்பனையைத்தான் காட்ட வேண்டும் என்று உரிமையாளர் முடிவு செய்தார் என்று கொள்வோம். அட்டை இப்போது 7,56,000 காட்டுகிறது; ‘ஆர்டர் சராசரி’ அட்டை, வகை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும்போது மறைக்கப்படுகிறது. மீண்டும் ஆறு வகைகளையும் கூட்டிப் பார்க்கிறோம். 60,15,000 வருகிறது, மொத்தமோ 62,40,000. இந்த 2,25,000 எங்கே என்று மறுபடியும் மூலத்திடம் கேட்க வேண்டியிருக்கிறது. ஆர்டர் தொகையில் டெலிவரிக் கட்டணம் சேரும், தள்ளுபடி கழியும். இரண்டும் எந்தப் பொருளின் வரிசையிலும் இல்லை. தனி வினவலில் மார்ச்சின் டெலிவரிக் கட்டணம் 3,10,000, தள்ளுபடி 85,000 என்று வருகிறது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 2,25,000. வகைகளின் கூட்டல் மொத்தத்துக்கு ஈடாகாது என்பதையும், அதன் காரணத்தையும், இந்த இரண்டு எண்களோடு அட்டையின் குறிப்பில் எழுதிவிட்டு மார்ச் மாதத்தின் சோதனையை மூடலாம்.